பெயர் எழுதியவர் முந்திப் போனால்

(வெள்ளவத்தையில் நடந்த மாதாந்தக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற சட்டத்தரணியும் நொத்தாரிசுமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் நொத்தாரிசாக வேலை பார்த்த காலம் முழுவதும் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் வயதான தாய்மார். மூத்த மகனை இழந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். பழைய மரணசாசனத்தின் பிரதியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். "தம்பி, அவனுக்கெண்டு எழுதினது அவன்ர பிள்ளையளுக்குத்தானே போகும்?" என்பதுதான் கேள்வி. பதிலையும் அவர்களே முடிவு செய்துவிட்டு, என் தலையசைப்புக்காகத்தான் காத்திருப்பார்கள்.

தலையசைக்க முடியாது. இந்த நாட்டுச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதியிருந்தாலன்றி, அது அவன் பிள்ளைகளுக்குப் போகாது. ஏன் போகாது, போகாவிட்டால் எங்கே போகிறது என்பதைத்தான் இன்று நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நான் கண்ட பல குடும்பங்களின் சாயல் அதில் இருக்கும். எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. கணவரை இழந்த ஒரு தாய். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருக்கு ஒரு தொடர்மாடி வீடு இருக்கிறது. மூன்று பிள்ளைகள். மூத்த மகன் ரொறன்ரோவில். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவனோடு. இளைய மகன் லண்டனில். மகள் இங்கே, தாயோடு. 2008 இல் தாய் சாசனம் எழுதுகிறார். வெள்ளவத்தை வீடு மூத்தவனுக்கு. அதை வாங்கப் பணம் அனுப்பியவன் அவன்தான். கோண்டாவிலில் உள்ள காணி இளையவனுக்கு. கடைசியில் ஒரு வரி: "எனது ஏனைய எல்லா ஆதனங்களும் எனது மகளுக்கு." வங்கி வைப்பையும் நகையையும் மனதில் வைத்து எழுதிய வரி அது.

2016 இல் மூத்தவன் மாரடைப்பில் போய்விடுகிறான். 2019 இல் தாய் காலமாகிறார். சாசனம் மாற்றப்படவில்லை. வீடு யாருக்கு?

மகளுக்கு. முழுவதும் மகளுக்கு. ரொறன்ரோவில் இருக்கும் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு சதுர அடி கூட இல்லை.

மரணசாசனம் எழுதிய நாளில் எதையும் கொடுப்பதில்லை. எழுதியவர் கண்ணை மூடும் கணத்தில்தான் அது பேசத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் அதில் பெயர் குறிக்கப்பட்டவர் உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க ஆளில்லாமல் அந்தக் கொடை வலுவிழந்து விழுந்துவிடுகிறது. மூத்த மகன் 2008 முதல் 2016 வரை அந்த வீட்டில் எந்த உரிமையும் பெற்றிருக்கவில்லை. அவனிடம் இருந்தது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே, எதிர்பார்ப்பைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியாது.

விழுந்த வீட்டை அடுத்துப் பிடிப்பது அந்தக் கடைசி வரி. "ஏனைய எல்லா ஆதனங்களும்" என்பதற்குள், சாசனத்தில் சரியாகக் கைமாறாத எல்லாமே வந்து சேரும். நகைக்கும் வங்கிக் காசுக்குமென்று தாய் எழுதிய வரி, ஒரு வீட்டையே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அவர் அப்படி நினைத்தே இருக்கமாட்டார். ஆனால் நீதிமன்றம் சாசனத்தின் வாசகத்துக்குள்தான் அவர் எண்ணத்தைத் தேடும். சமையலறையில் அவர் யாரிடம் என்ன சொன்னார் என்று தேடாது.

இப்போது அந்தக் கடைசி வரியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு சாசனத்துக்கு வெளியே விழுகிறது. அந்த வீட்டைப் பொறுத்தவரை தாய் சாசனம் எழுதாமலே இறந்தவர் போல ஆகிறார். அப்படியானால் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு. இறந்த பிள்ளையின் இடத்தில் அவன் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். மகளுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு மூன்றில் ஒன்று, பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. மருமகளுக்கு ஒன்றுமில்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாசனமே எழுதாத தாயின் பேரப்பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. மூத்தவனுக்கு முழு வீட்டையும் கொடுக்க ஆசைப்பட்டு, காசு செலவழித்து, நொத்தாரிசிடம் போய் எழுதிவைத்த தாயின் பேரப்பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். சாசனம் இல்லாதபோது சட்டம் பேரப்பிள்ளைகளைத் தானாக நினைத்துப் பார்க்கிறது. சாசனம் இருக்கும்போது, நினைக்கும் பொறுப்பு எழுதியவருடையது என்று விட்டுவிடுகிறது. இந்த முரண்பாடு முப்பது வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. மூத்தவன் 2016 இல் இறக்கவில்லை, தாய் இறந்த அடுத்த நாள் இறந்தான் என்று வையுங்கள். ஒரே நாள் வித்தியாசம். தாய் இறந்த கணத்தில் அவன் உயிரோடு இருந்ததால் வீட்டின் உரிமை அவனில் வந்து நிலைத்துவிட்டது. ஒப்படைப்பு உறுதி எழுதப்படாவிட்டாலும் கவலையில்லை. அவனும் சாசனம் எழுதாமல் இறந்து, 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்துமானால், வீட்டில் பாதி மனைவிக்கு, கால் காலாகப் பிள்ளைகளுக்கு. முந்தி இறந்தால் மூவருக்கும் எதுவுமில்லை. பிந்தி இறந்தால் மூவருக்கும் எல்லாம். இப்படிப்பட்ட வழக்குகளில் மரணச் சான்றிதழில் உள்ள திகதியை எல்லோரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு ஒரு சொல். தேசவழமைக்கு உட்பட்டவரா, கொழும்பில் தலைமுறையாக இருந்து அதிலிருந்து விலகியவரா என்பது, சாசனத்துக்கு வெளியே விழுந்த சொத்தைப் பங்கிடும்போது முக்கியமாகும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தைப் பார்க்க நேரும். ஆனால் கொடை வலுவிழப்பது என்ற முதல் படி இருவருக்கும் ஒன்றுதான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் 1757 இல் கட்டி முடித்தது. அவர்கள் விட்டுச்சென்ற இன்னொரு கட்டடம்தான் உரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலேயர் வந்த பிறகும் அது இங்கே பொதுச் சட்டமாகத் தொடர்ந்தது. ஒல்லாந்திலேயே 1809 இல் புதிய சட்டக்கோவை வந்து அதை அகற்றிவிட்டது. இங்கே இன்னும் நடமாடுகிறது. சாசனத்தை எப்படி ஒப்பமிடுவது என்பதை 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற சுதந்திரத்தை 1844 ஆம் ஆண்டின் சட்டம் தந்தது. ஆனால் எழுதிய சொல்லுக்கு என்ன பொருள், கொடை எப்போது விழும் என்ற கேள்விகளுக்கு நாம் இன்னும் அந்த ஒல்லாந்து நூலாசிரியர்களிடம்தான் போகிறோம்.

நம் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் மற்ற நாட்டுச் சட்டத்தைக் கேள்விப்பட்டுத்தான். சென்னையில் இருக்கும் ஒரு மச்சான் "பிள்ளைக்குத்தான் போகும்" என்பார். அவர் சொல்வது அங்கே சரி. 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு, சாசனம் எழுதியவரின் பிள்ளையோ பேரனோ முந்தி இறந்து, அவருக்குச் சந்ததி இருந்தால், அவர் எழுதியவருக்கு உடனடியாகப் பின்னர் இறந்தது போலக் கொள்ளச் சொல்கிறது. கொடை விழாது, இறந்த மகனின் சொத்தாகவே போய்ச் சேரும். அதனால் மருமகளுக்கும் அதில் பங்கு வரலாம். லண்டனில் இருப்பவர் சொல்வதும் அங்கே சரி. இங்கிலாந்தின் 1837 ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, 1982 இல் திருத்தப்பட்ட பிறகு, பேரப்பிள்ளைகளுக்கே நேராகக் கொடுக்கிறது. மருமகளைத் தாண்டிச் செல்கிறது. வெள்ளவத்தையில் இருக்கும் வீட்டுக்கோ, அது யாருடைய காசில் வாங்கியதாக இருந்தாலும், பிள்ளைகள் எந்த நாட்டுப் பிரசைகளாக இருந்தாலும், இந்த மண்ணின் சட்டம்தான்.

இப்போது கொட்டாஞ்சேனைக்கு வருவோம். ஜெம்பட்டா வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. திருமணமாகாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அக்காவின் மகள்மார் இருவரை வளர்த்தவர். இதுவும் கற்பனைதான். அவர் சாசனத்தில் எழுதுகிறார்: "எனது வீட்டை எனது பெறாமக்கள் இருவருக்கும் கொடுக்கிறேன்" என்று, இருவர் பெயரையும் சேர்த்து. அவர்களில் ஒருத்தி முந்தி இறந்துவிடுகிறாள்.

இங்கே சட்டம் வேறொரு வழியைத் திறக்கிறது. ஒரே பொருளை ஒரே வாக்கியத்தில் பங்கு பிரிக்காமல் இருவருக்குச் சேர்த்துக் கொடுத்தால், ஒருவர் இல்லாதபோது மற்றவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார் என்று பொதுவாகக் கொள்ளப்படும். விழுந்த பங்கு வெளியே போகாமல் பக்கத்தில் நிற்பவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆசிரியை "சமபங்காக" என்றோ "ஆளுக்குப் பாதி" என்றோ சேர்த்திருந்தால் கதை மாறக்கூடும். அவர் இரண்டு தனித்தனிக் கொடைகளைக் கொடுத்ததாக வாதாடலாம். அப்போது இறந்தவளின் பாதி விழுந்து, எஞ்சிய சொத்தோடு சேரும், அல்லது சாசனத்துக்கு வெளியே போகும். அந்த ஒரு சொல்லே முடிவானது என்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்றம் முழுச் சாசனத்தையும் வாசித்துத்தான் தீர்மானிக்கும். ஆனால் புதுக்கடையில் சில வருடங்கள் நடக்கக்கூடிய ஒரு வழக்கு அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. அதை எழுதுகிறவர் அழகுக்காக எழுதுகிறார். பங்கில் அநியாயம் வந்துவிடக் கூடாது என்று எழுதுகிறார். ஒருவர் முந்தி இறந்தால் என்ன என்ற எண்ணமே அந்த நேரத்தில் இருப்பதில்லை.

பெயர் சொல்லாமல் "என் பிள்ளைகளுக்கு" என்று எழுதினால், தாய் இறக்கும்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகள்தான் பொதுவாக அந்தக் கூட்டத்தில் சேர்வார்கள். பேரப்பிள்ளைகளும் "பிள்ளைகள்" என்ற சொல்லுக்குள் வருவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

சரி, என்ன எழுத வேண்டும்? ஒரே ஒரு வசனம். "எனது மகன் எனக்கு முன் இறந்தால், அவருக்கு விட்டிருக்கும் இந்த வீட்டை அவருடைய பிள்ளைகள், எனது மரணத்தின்போது உயிருடன் இருப்பவர்கள், சமபங்காகப் பெற வேண்டும்." சட்டத்தில் இதற்கு நேரடி மாற்றீடு என்று பெயர். முதலாமவர் பெற முடியாவிட்டால் இரண்டாமவர் பெறுகிறார், அவ்வளவுதான். பேரன் ஒருவனும் முந்தி இறந்து அவனுக்குப் பிள்ளை இருந்தால் என்ன என்பதையும் எழுதலாம். மகன் தனக்குப் பின் முப்பது நாளாவது உயிரோடு இருந்தால்தான் பெறலாம் என்று சேர்க்கலாம். ஒரே விபத்தில் இருவரும் சில மணி நேர இடைவெளியில் இறக்கும் சிக்கலை அது தவிர்க்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய வாசகத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். என் தகப்பன் காலத்து உறுதிகளிலும் சாசனங்களிலும் "எனது மகனுக்கும், அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்கும்" என்று எழுதுவார்கள். அது கேட்பதற்கு மாற்றீடு போலவே இருக்கும். ஆனால் அதன் பழைய பொருள் வேறு. மகன் முதலில் சொத்தைப் பெற வேண்டும், விற்காமல் வைத்திருக்க வேண்டும், அவன் இறந்த பிறகு பிள்ளைகளுக்குப் போக வேண்டும். இப்படிச் சொத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை கட்டிவைக்கும் முறையை 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. இன்று அந்த வாசகத்தோடு மகன் உயிரோடு சொத்தைப் பெற்றால் அது அவனுக்கே முழு உரிமையாகும், பிள்ளைகளைப் பற்றிய வார்த்தை அவனைக் கட்டாது. அவன் முந்தி இறந்திருந்தாலோ, அந்த வார்த்தை மாற்றீடாக எழுதப்பட்டதா, கட்டிவைக்க எழுதப்பட்டதா என்று வழக்காட வேண்டிவரும். பழைய மாதிரியைப் பார்த்து எழுதும் இளம் நொத்தாரிசுகளுக்கும் இதைச் சொல்கிறேன். "அவனுக்குப் பின்" என்று எழுதாதீர்கள். "எனக்கு முன் அவன் இறந்தால்" என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே எழுதியாயிற்று, மகனும் போய்விட்டான், தாய் இருக்கிறார் என்றால்? பிரதியை எடுத்து மகனின் பெயரைப் பேனாவால் வெட்டி, மேலே பேரனின் பெயரை எழுதிவைத்ததை நான் கண்டிருக்கிறேன். அன்போடு எழுதியதுதான், செல்லாது. சாசனத்தில் செய்யும் எந்த மாற்றமும் சாசனத்துக்கு உரிய அதே சடங்கோடு நடக்க வேண்டும். புதிய சாசனம் எழுதலாம், அல்லது ஒரு துணைச் சாசனம் எழுதி இந்த ஒரு கொடையை மட்டும் மாற்றலாம். இரண்டிலும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள். அந்தச் சாட்சிகளில் பேரனோ அவன் மனைவியோ இருக்கக் கூடாது. சாசனத்தால் பயன்பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியானால் அந்தக் கொடையே அற்றுப்போகும்.

தாயும் போன பிறகு தெரியவந்தால், மிஞ்சியிருப்பது குடும்பத்தின் மனம்தான். நான் சொன்ன கற்பனைக் குடும்பத்தில் அந்த மகள் விரும்பினால், சொத்துத் தன் பெயருக்கு வந்த பிறகு நன்கொடை உறுதி மூலம் அண்ணனின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக மறுபக்கம் ஒப்பமிட வேண்டும், பிள்ளைகள் சிறுவரானால் அவர்கள் சார்பில் ஒருவர் ஏற்க வேண்டும், முத்திரைச் செலவு வேறு. இதைச் செய்த மகள்மாரைக் கண்டிருக்கிறேன். செய்யாதவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பதினைந்து வருடம் தாயைக் கழுவித் துடைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

கடைசியாக ஒரு விடயம். அதைச் சொல்லாமல் இந்த மண்டபத்தில் இந்தத் தலைப்பைப் பேசவே கூடாது. முந்தி இறந்தவரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். இறந்தாரா என்றே தெரியாதவரை என்ன செய்வது?

நம்மில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெயர் அப்படி இருக்கிறது. போரில் காணாமற்போன மகனின் பெயர் தாயின் பழைய சாசனத்தில் இருக்கிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு, வழமையாகச் செய்தி அறியக்கூடியவர்கள் ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி எதுவும் அறியாவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் போராலும் அனர்த்தங்களாலும் காணாமற்போனவர்களுக்கு அந்தக் காலத்தை ஒரு வருடமாகக் குறைத்து, மரணத்தைப் பதிய வழி செய்தது. ஆனால் இந்த விதிகள் ஒருவர் இறந்துவிட்டார் என்று கொள்ள உதவுமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்பதைச் சொல்லித் தருவதில்லை. நம் கேள்விக்கோ அந்த நாள்தான் எல்லாம். மகன் 2009 மே மாதத்தில் போனானா? தாய் 2012 இல் இறந்தபோது எங்கோ உயிரோடு இருந்தானா? அவன் தாய்க்குப் பிந்தி வாழ்ந்தான் என்று அவன் வழியாக உரிமை கேட்பவர் காட்ட வேண்டிவரும். எந்த மருமகளால் அதைக் காட்ட முடியும்?

மரணச் சான்றிதழை எடுக்க மறுக்கும் தாய்மார் பலர். 2016 இல் அந்த 2010 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வந்தது. சில அன்றாட அலுவல்களுக்கு அது உதவும். சாசனத்தில் விழுந்துபோகும் ஒரு கொடையை அது நிறுத்திவைக்காது.

அப்படி ஒரு தாய்க்கு நான் சாசனம் எழுதியிருக்கிறேன். மாற்றீட்டு வசனத்தை வாசித்துக் காட்டினேன். "எனது மகன் எனக்கு முன் இறந்தால்" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அப்பிடி எழுதாதேங்கோ, தம்பி. நான் அதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்."

அன்று பகல் முழுவதும் யோசித்து வேறு விதமாக எழுதினேன். "எனது மரணத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எனது மகன் நேரில் வந்து இந்தச் சொத்தை ஏற்றுக்கொண்டால் அது அவருக்கு. அப்படி ஏற்றுக்கொள்ளாவிட்டால், காரணம் எதுவாயினும், அது அவருடைய மகளுக்கு." இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறந்த நாளை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. வந்தானா, வரவில்லையா என்ற ஒரே உண்மை போதும். அதை எவரும் சொல்லலாம். சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "ஒரு வருசம் காணுமே? தூரத்திலயிருந்து வாறதெண்டா?" என்று கேட்டார். இரண்டு வருடமாக மாற்றினோம். அதன் பிறகு கையெழுத்து வைத்தார்.